லாச்சிக்குள் கிடக்கும் புத்தகப்பை

அன்புள்ள அம்மா,

யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாக அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் மூன்று கிளைகளும் தீவுப் பகுதிக்குத் தனித்தனி நாட்களில் வாகனம் எடுத்துப் போகின்றன. ஒரே நாளில் சேர்ந்து குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறலாம் என்று திட்டம் எழுதி மூன்று தடவை கொடுத்தேன். மூன்று தடவையும் பணிப்பாளர் "பார்ப்போம்" என்றார்.

தீர்மானிப்பது அவர் அல்ல, பிரதம இலிகிதர்தான். பட்டம் இல்லாதவர். ஆனால் பத்து மணித் தேநீர் அவருடைய மேசையைச் சுற்றித்தான் நடக்கும். முதல் தடவையே "எரிபொருளை எந்தக் கிளையின் கணக்கில் போடுவது, பிள்ளை?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு என்னை அவமானப்படுத்தினார். நேற்று வந்தவர்களின் கோவைகள் இரண்டு நாளில் கையொப்பமாகி வருகின்றன, என்னுடையது தூங்குகிறது. பட்டம் இல்லாத ஒருவரிடம் நான் கைகட்டி நிற்க வேண்டுமா?

யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், யாருக்கு யார் உறவு, யாருக்கு என்ன பலவீனம் என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அவருடைய பேத்தி முதலாம் ஆண்டில் சேரப்போகிறாள் என்று அறிந்து ஒரு புத்தகப்பைகூட வாங்கினேன். மூன்று வாரமாக லாச்சிக்குள் கிடக்கிறது, கொடுக்கக் கை வரவில்லை. அது கிடக்கட்டும். திறமைக்கு இங்கே மதிப்பே இல்லை. நான் என்ன செய்வது?

— ஓர் உத்தியோகத்தர்

அன்புள்ள தங்கைக்கு,

"அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போன அந்தப் பையிலிருந்தே தொடங்குகிறேன். கொடுக்கக் கை வராதது உங்கள் கோழைத்தனம் அல்ல. "இதை ஏன் தருகிறாய்?" என்று அவர் கேட்டால் உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது என்று உங்கள் மனத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரை அறிந்துகொள்வதற்கும் ஆட்டிவைப்பதற்கும் நடுவே உள்ள கோடு அதுதான். உங்கள் கை அதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. கொப்பி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்றைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. "பட்டம் இல்லாதவர்" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்ட கேள்விக்கான பதிலை ஒரு தடவையும் எழுதவில்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மிஷேல் குரோசியே அரச புகையிலைத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தார். அங்கே எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. விதிக்குள் அடங்காதது ஒன்றே ஒன்று: இயந்திரம் எப்போது பழுதாகும் என்பது. அதனால் அதைத் திருத்தத் தெரிந்த பராமரிப்புத் தொழிலாளர்களைப் பார்த்துத்தான், பதவியில் மேலே இருந்தவர்களும் நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் அலுவலகத்தில் பழுதாகும் இயந்திரம் எது? கணக்காய்வு ஐயவினா என்றே நினைக்கிறேன். பணிப்பாளர்கள் மாற்றலாகிப் போவார்கள். ஐயவினா வந்தால் கதிரையில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதற்கான பழைய கோவை எங்கே என்று தெரிந்தவர் இந்தப் பிரதம இலிகிதர். மூன்று கிளைகள் ஒரே வாகனத்தில் போனால் ஓட்டப் பதிவேட்டில் எந்தக் கிளையின் பயணம் என்று எழுதுவது, எரிபொருளை எந்தச் செலவுத் தலைப்பில் போடுவது? அவர் கேட்டது அதைத்தான். பணிப்பாளரின் "பார்ப்போம்" என்பதற்குள் அந்தக் கேள்விதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கொப்பியை வேறு விதமாக எழுதுங்கள். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது நட்பைக் காட்டும், முடிவைக் காட்டாது. கடைசியாக அனுமதி கிடைத்த இரண்டு கோவைகளையும் நின்றுபோன ஒன்றையும் எடுத்துப் பின்னோக்கி நடந்து பாருங்கள். கையொப்பத்துக்கு முன் யார் பார்த்தார், குறிப்பேட்டில் யார் என்ன எழுதினார், எந்தக் கேள்வியில் நின்றது, அதற்கு யார் விடை கொடுத்தார்? சந்தேகம் வந்தால் பணிப்பாளர் யாரைக் கூப்பிடுகிறார் என்பதையும் எழுதுங்கள். ஒரே பெயர் மூன்றிலும் வந்தால் செல்வாக்கு அங்கே இருக்கிறது. வராவிட்டால் அவரைப் பற்றிய உங்கள் கணிப்பே பிழை. அதற்கும் இடம் வையுங்கள். பலவீனங்கள் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். அவை முடிவுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, உங்களைத்தான் மாற்றிக்கொண்டிருக்கின்றன.

பிறகு நான்காவது வரைவோடு, தேநீர் நேரத்துக்கு முன்பே, தனியாக அவரிடம் போங்கள். "அன்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. செலவை மூன்று கிளைகளுக்கும் பிரித்துப் பதியலாமா? கணக்காய்வில் வேறு என்ன கேட்பார்கள்?" என்று கேளுங்கள். பணிப்பாளர் பக்கத்தில் நின்றாலும் கூசாமல் கேட்கக்கூடிய கேள்வி இது. அவர் திருத்தித் தந்தால் கூட்டத்தில் அதை அவர் பெயரோடு சொல்லுங்கள்.

எல்லோரும் அப்படித் திருத்தித் தரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குரோசியே பார்த்த தொழிலாளர்கள் இயந்திர விளக்கக் குறிப்புகளை மற்றவர் கண்ணில் படாமல் வைத்தார்கள், அறிவு தங்களிடமே இருக்க வேண்டும் என்பதற்காக. இவரும் அந்த வகையா என்பது போகப்போகத் தெரியும். நீங்கள் பதில் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் ஆட்சேபணை வேறொன்றாக மாறினால், அது கணக்கைப் பற்றிய கவலை அல்ல. அப்போது கேள்வியையும் பதிலையும் குறிப்பேட்டில் எழுத்தில் பதிந்து, அவரைத் தாண்டி முறைப்படி மேலே அனுப்புங்கள். ஆனால் நீங்கள் இன்னும் முதலாவது பதிலையே கொண்டுபோகவில்லை.

பையை உங்கள் ஒழுங்கையில் முதலாம் ஆண்டுக்குப் போகும் வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். வரைவோடு போகும்போது லாச்சி வெறுமையாக இருக்கட்டும்.