‘தனியாகத் துவைக்கவும்’ என்று எழுதியும் கரைச் சாயம் சேலை உடலில் ஏறியது

கேள்வி: ஆன்லைனில் காட்டன் சேலை விற்கிறேன். ‘தனியாகத் துவைக்கவும்’ என்று போட்டும் சாயம் போச்சு, சுருங்கிப் போச்சு என்று திருப்பி அனுப்புகிறார்கள். விவரத்தில் வேறு என்னதான் எழுதுவது?

நீங்கள் விற்பதில் வெளிர் உடலும் அடர் நிறக் கரையுமான சேலைகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். சாயப் புகார் அதிகம் வருவது அதில்தான். நான் ஆறு வருடமாகச் சின்னாளப்பட்டிச் சுங்குடி விற்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் அதே இரண்டு வார்த்தையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் கண்ணைத் திறந்தது ஒரு சேலை. சந்தன நிற உடல், அரக்குக் கரை, 950 ரூபாய். வாங்கியது கோயம்புத்தூர்ப் பெண். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சேலை முழுக்க மடிப்புக்கு மடிப்பு ஒரே இடைவெளியில் இளஞ்சிவப்புத் தீற்றல். கூடவே, “அக்கா, நீங்க போட்டிருந்த மாதிரி தனியாத்தான் துவைச்சேன். அந்த வாளியில வேற ஒரு துணிகூட இல்ல” என்று ஒரு குரல் பதிவு. அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. வளைகாப்புக்கு உடுத்த வாங்கியதாம்.

“எவ்வளவு நேரம்மா ஊறுச்சு?” என்று கேட்டேன். இரவு சோப்புத்தூளில் போட்டுவிட்டுக் காலையில் அலசியிருக்கிறார். நம் வீடுகளில் துவைப்பது என்றாலே ஊறவைப்பதுதானே! அவர் மேல் தப்பே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தச் சேலையைக் கறையாக்கியது வேறு துணி இல்லை, அதன் சொந்தக் கரைதான். தனியாகப் போட்டாலும் கரையும் உடலும் ஒரே வாளியில்தான் கிடக்கும். ‘தனியாகத் துவைக்கவும்’ என்பது மற்ற துணிகளைக் காப்பாற்றுகிற வாக்கியம். நாம் விற்ற சேலையை அது காப்பாற்றாது.

அதே லாட்டில் மீந்திருந்த சேலையின் ரவிக்கைப் பகுதியிலிருந்து, கரையும் உடலும் சேர்ந்து வருகிற மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு நான்கு துண்டு வெட்டினேன். நான்கையும் கரை உடல்மேல் படும்படி மடித்து, நான்கு டம்ளரில் ஒரே அளவு சோப்புத் தண்ணீரில் போட்டேன். முதல் துண்டை ஐந்து நிமிடத்தில் எடுத்து அலசி உடனே விரித்துக் காயவைத்தேன். தண்ணீர் ரோஸ் கலரில் இருந்தது, ஆனால் உடல் சுத்தமாக இருந்தது. இரண்டாவது ஒரு மணி நேரம் ஊறியது, மடிப்பு ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. இரவு முழுக்க ஊறிய மூன்றாவது துண்டு அந்தப் பெண் அனுப்பிய படத்தில் இருந்த மாதிரியே ஆகிவிட்டது. நான்காவதை ஐந்து நிமிடத்தில் அலசிவிட்டேன், ஆனால் பிழிந்து உருட்டி ஈரத்தோடு மாலைவரை அப்படியே விட்டேன். அதிலும் கறை.

ஆக, தண்ணீரில் சாயம் இறங்குவது மட்டும் கெடுதல் இல்லை. ஈரமாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்தபடி எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதுதான் கெடுக்கிறது. நம் விவரத்தில் அந்த நேரம் பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை.

எங்களுக்குச் சாயம் போடுகிற பட்டறை அண்ணனிடம் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அரக்கு, கரும்பச்சை, கருநீலம், கறுப்பு மாதிரி அடர் நிறங்களில் நூலுக்குள் பிடித்தது போக மிச்சச் சாயம் மேலோடு ஒட்டி நிற்கும், பட்டறையில் எத்தனை அலசு அலசினாலும் கொஞ்சம் தங்கும், அதுதான் முதல் இரண்டு மூன்று துவையலில் இறங்குகிறது என்றார். “கல்லுப்பு போட்டு ஊறவைக்கச் சொல்லி எழுதலாமாண்ணே?” என்று கேட்டேன். “எழுதிடாதம்மா. உப்பு எதுக்குப் போடுறோம்? தண்ணியில இருக்கிற சாயத்தை நூல் பக்கம் தள்ளத்தான். நீ வாளியில போட்டா, இறங்கின சாயத்தைச் சந்தனக் கலர் மேல ஏத்திவிடும்” என்றார். நான் பல பக்கங்களில் அந்த உப்பு வைத்தியத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரே நிறச் சேலைக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் வீட்டு வாளியில் உப்பு சாயத்தை நிலைநிறுத்தாது. இரு நிறச் சேலையில் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது கறையைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுதான்.

அதற்குப் பிறகு நான் எழுதுவது இதுதான். வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

“இது அடர் நிறக் கரை உள்ள சேலை. முதல் மூன்று துவையலில் கரையிலிருந்து சாயத் தண்ணீர் வரும், அது மிச்சச் சாயம். ஊறவைக்க வேண்டாம். முதல் தடவை சோப்பும் வேண்டாம், உப்பும் வேண்டாம். பெரிய வாளி நிறையப் பச்சைத் தண்ணீரில் முக்கி அலசி, இரண்டு தடவை தண்ணீர் மாற்றி, பத்து நிமிடத்துக்குள் கொடியில் போட்டுவிடுங்கள். முறுக்கிப் பிழிந்து வைக்க வேண்டாம். நிழலில் ஒற்றை மடிப்பாக, கரை உடல்மேல் படாதபடி விரியுங்கள். நீரில் கஞ்சி இறங்கிச் சேலை மெலிதாகும், அது துணியின் இயல்பு. கறை பட்டுவிட்டால் காயவிடாமல் உடனே பச்சைத் தண்ணீரில் மாற்றி மாற்றி அலசுங்கள், பிறகு எனக்குச் சொல்லுங்கள்.”

கடைசி வாக்கியம் முக்கியம். ஈரத்தில் இருக்கும்போதே நிறையத் தண்ணீரில் அலசினால் ஏறிய சாயத்தில் பெரும்பகுதி போய்விடும். காய்ந்து இஸ்திரியும் போட்டபிறகு எடுப்பது பெரும்பாடு. கஞ்சி பற்றிய வரியும் சும்மா எழுதியது இல்லை. “படத்தில் மொடமொடன்னு இருந்தது, இப்ப தொளதொளன்னு இருக்கு, வேற சேலை அனுப்பிட்டீங்க” என்று முன்பெல்லாம் திட்டு வரும். கஞ்சி இறங்கும் என்று முன்னாலேயே படித்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

‘சாயம் வரும்’ என்று நீயே எழுதினால் யார் வாங்குவார்கள் என்று சிலர் கேட்பார்கள். என் வீட்டுக்காரரே கேட்டார். விற்பனை குறையவில்லை, அதுதான் என் அனுபவம். மாதம் நான்கைந்து வந்துகொண்டிருந்த சாயப் புகார் இப்போது எப்போதாவது ஒன்று வருகிறது. ஒளித்துவைத்து விற்றால் வாளியில் சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததுமே ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும். முன்பே சொல்லியிருந்தால் அதே தண்ணீரைப் பார்த்து, “அக்கா சொன்னாங்களே” என்று அலசிப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் இதை மோசமான சரக்குக்குப் போர்வையாக எழுதக்கூடாது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை நான்கு முறை அலசிப் பார்க்கிறேன். நான்காவது தண்ணீர் ஏறக்குறைய தெளிந்திருந்தால் அது மிச்சச் சாயம், விற்கலாம். நான்காவதும் முதல் தண்ணீர் மாதிரியே வந்தால் சாயமே சரியில்லை என்று அர்த்தம். அந்த லாட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதை எந்தத் துவையல் குறிப்பும் காப்பாற்றாது.

சேலை சுருங்குகிற புகாருக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர்கள் சொல்வது பால்ஸ் ஓரச் சுருக்கமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ரவிக்கைத் துண்டில் 50 செ.மீ. அளந்து இரு முனையிலும் நூலால் அடையாளம் போட்டு, நனைத்துக் காயவைத்து மறுபடி அளந்தேன். 48 இருந்தது. நூற்றுக்கு நான்கு. இதே கணக்கில் இரண்டரை மீட்டர் பால்ஸ் ஓரத்தில் சேலை 10 செ.மீ. சுருங்கும். பால்ஸ் துணி சுருங்காத கலப்புத் துணியாக இருந்தால் இரண்டும் இழுத்துக்கொண்டு, கொசுவத்தின் அடியில் நெளிநெளியாக நிற்கும். அதனால், “பால்ஸ் தைக்கக் கொடுக்கும் முன் சேலையையும் பால்ஸ் துணியையும் ஒருமுறை தனித்தனியே அலசிக் காயவையுங்கள், ரவிக்கைத் துணியையும் நனைத்தபிறகே தைக்கக் கொடுங்கள்” என்று இன்னொரு வரி சேர்த்தேன். நான் பால்ஸ் தைத்து அனுப்புகிற சேலைகளை இங்கேயே நனைத்துவிடுகிறேன். அதற்குக் கூலி ஆகிறது, விலையில் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ‘டிரை கிளீன் மட்டும்’ என்று போட்டுவிட்டால் தொல்லை இல்லையே என்று இங்கேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெயிலுக்கு உடுத்துகிற 900 ரூபாய் காட்டன் சேலையை ஒவ்வொரு தடவையும் சலவைக் கடைக்கு யார் கொண்டுபோவார்கள்? வீட்டில்தான் துவைப்பார்கள். எப்படித் துவைப்பது என்று நாம் சொல்லாததால் பழக்கப்படி ஊறவைப்பார்கள். அசல் பட்டுக்கு அப்படி எழுதுங்கள், தப்பில்லை.

ஒரு மனக்குறையும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் மொட்டைமாடி வெளிச்சத்தில் நின்று எடுத்த படங்களை, என் கொடி, என் துளசி மாடம் எல்லாம் தெரிகிற மாதிரியே வேறு சிலர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டு விற்கிறார்கள். போனால் போகட்டும். இந்தத் துவையல் குறிப்பையும் வரி மாறாமல் எடுத்து, பருத்தி நூலே இல்லாத பாலியஸ்டர் சேலைக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்கள். ‘கஞ்சி இறங்கும்’ என்று பாலியஸ்டருக்கு! வாங்கியவர் என் படத்தைப் பார்த்து என் எண்ணைத் தேடிப்பிடித்து என்னிடம் சண்டைக்கு வருகிறார். இது உங்கள் கேள்வி இல்லை என்று தெரியும். எடுக்கிறவர்கள் யாராவது படித்தால், துணியைப் பார்த்தாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எங்கே எழுதுவது என்பதற்கு வருகிறேன். விவரத்தின் அடியில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. செயலியில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரிகிறது, மீதியை விரித்துப் பார்க்கவேண்டும். அதனால், “அடர் நிறக் கரை, ஊறவைக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் கொடியில்” என்பதை நீளம், ரவிக்கை விவரத்துக்கு முன்னாலேயே போட்டுவிடுகிறேன். முழுக் குறிப்பு சேலைப் படங்களின் கடைசியில் தனிப் படமாகப் பெரிய எழுத்தில் இருக்கும். வாளி, வட்டம், குறுக்குக்கோடு போட்ட துவையல் அடையாளங்களை நான் வைப்பதில்லை. என்னிடம் வாங்குகிறவர்களில் அவற்றைப் படிக்கத் தெரிந்த யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்புறம், போனில் பார்த்து வாங்குவது ஒருவர், வீட்டில் துவைப்பது இன்னொருவர். அம்மாவோ மாமியாரோ வேலைக்கு வருகிற அக்காவோ நம் பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அந்தக் குறிப்பையே ஒரு சீட்டில் அச்சடித்து முந்தியின் மடிப்பில் குண்டூசியால் குத்தி அனுப்புகிறேன், பார்சலோடு போட்டால் கவரோடு குப்பைக்குப் போய்விடுகிறது. துருப்பிடிக்காத குண்டூசியாகப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் பார்சல் நனைந்து, சாயத்துக்குப் பதிலாகத் துருக் கறையில் ஒரு சேலையை நான் இழந்திருக்கிறேன்.