ஓட்டக்கார மகளுக்குச் சாப்பாடு போதுமா?

"கடலூர். மகளுக்கு 17 வயது, 50 கிலோ, கொழுப்பு 20%. சில்வர் பீச்சில் தினமும் 90 நிமிடம் ஓடுகிறாள். வாட்ச் 650 கலோரி காட்டுகிறது. சாப்பாடு 1,700. எடை குறையவில்லை, ஆனால் மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. சாப்பாடு போதுமா?"

போதாதுங்க. கொழுப்பு நீங்கலான எடை 40 கிலோ. சும்மா இருந்தாலே அந்நேரத்தில் செலவாகும் சுமார் 80 கலோரியையும் வாட்ச் பெரும்பாலும் சேர்த்துவிடும், கழித்தால் ஓட்டத்துக்கு 570. சாப்பாட்டில் இதைக் கழித்து 40-ஆல் வகுத்தால், உடலின் மற்ற வேலைகளுக்குக் கொழுப்பு நீங்கலான ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி மிஞ்சுகிறது என்று தெரியும்:

(1700 − 570) ÷ 40 ≈ 28

இப்படிக் கிலோவுக்கு 45 கலோரி இருந்தால் நல்லது. 30-க்குக் கீழே தொடர்ந்தால் உடல் ஹார்மோன்களைக் குறைத்துச் செலவை மிச்சம்பிடிக்கும். அதனால் எடை நிலையாக இருப்பதை நம்ப முடியாது. 45-ஐ எட்ட 2,370 கலோரி வேண்டும். ஓடியதும் இட்லியோடு முட்டை, வாழைப்பழம், பால் என்று படிப்படியாகக் கூட்டுங்கள்.

வாட்சும் சாப்பாட்டுக் கணக்கும் பிசகலாம். 32 என்று வந்திருந்தாலும் மாதவிடாய் நின்றதைத்தான் நான் பெரிதாக எடுப்பேன். தைராய்டு போன்ற வேறு காரணமும் இருக்கலாம். இந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள்.