சட்டைத் துணி: பன்னாவைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

சட்டைக்கு எத்தனை மீட்டர் எடுக்கணும்?

எந்தப் பன்னா, அதாவது துணியின் அகலம் எத்தனை இஞ்ச்? முழுக்கையா, அரைக்கையா? மார்பு எத்தனை இஞ்ச்? மூன்றையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்கணும்.

36 பன்னாவில் 2.25 மீட்டர் எடுப்பேன். அதே கணக்கில் 58 பன்னாவுக்கு 1.40தான் வருகிறது. கடைக்காரர் 1.60 என்கிறார். கூடுதலாகத் தலையில் கட்டுகிறாரா?

இல்லை. பன்னா கூடினால் நீளத்தை வகுத்துக் குறைக்கலாம் என்ற இந்தக் கணக்கை எத்தனை தடவை மறுத்திருப்பேன்! துணி என்ன தண்ணீரா, பாத்திரத்தை மாற்றி ஊற்ற? எந்தத் துண்டு எதன் பக்கத்தில் படுக்கிறது என்பதுதான் கணக்கு.

மார்பு 40, முழுக்கை என்று வையுங்கள். 58 பன்னாவில் முதுகுத் துண்டும் இரண்டு முன்பக்கமும் வரிசையாகப் படுத்துவிடும். மார்பு 40, லூஸ் 5, பட்டன் பட்டிக்கும் தையலுக்கும் 4, ஆக 49 இஞ்ச். மடிப்போடு நீளம் 31. அதற்குக் கீழே இரண்டு கைகள், நீளம் 25. காலர், கஃப், தோள்பட்டி எல்லாம் ஓரத்தில் மிஞ்சுவதில் வந்துவிடும். 56 இஞ்ச் என்றால் 1.42 மீட்டர். சுருக்கத்துக்கும் கோணலாகக் கிழித்த முனைக்கும் சேர்த்து 1.60. உங்கள் 1.40இல் நனைக்கும் முன்பே 2 சென்டிமீட்டர் குறைகிறது.

36 பன்னாவில் 49 இஞ்ச் படுக்காது. முதுகு தனியாக 31, முன்பக்கங்கள் 31, கைகள் 25. கைகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால்தான் இரண்டும் பக்கம் பக்கமாக அடங்கும். 87 இஞ்ச், அதாவது 2.21. உங்கள் 2.25 சுருங்காத துணிக்குச் சரி. காட்டன் என்றால் 2.40 எடுங்கள்.

கணவருக்கு மார்பு 48. 58 பன்னாவில் 1.60 எடுத்தேன். மாஸ்டர் பத்தாது என்கிறார்.

மாஸ்டர் சரி. 48, 5, 4 கூட்டினால் 57. இரண்டு பக்கக் கரையும் போனால் அவ்வளவுதான் மிஞ்சும், கத்தரி திரும்பக்கூட இடமில்லை. ஒரு முன்பக்கம் கீழே இறங்கிக் கைகளுக்குப் பக்கத்தில் வரும். உடல் நீளம் 32 என்றால் இரண்டு வரிசைக்கு 64 இஞ்ச். 1.80 எடுத்திருக்கணும்.

பெரிய கட்டம் போட்ட துணி?

கட்டம் 4 இஞ்ச் என்றால் 20 சென்டிமீட்டர் கூட எடுங்கள். பாக்கெட்டிலும் முன்பட்டியிலும் கட்டம் சேரணும். ஒரே திசையில் போகும் பிரின்ட் என்றால் கையைத் தலைகீழாகத் திருப்ப முடியாது. அதை மாஸ்டரிடம் முன்பே காட்டுங்கள்.

கைத்தறி, சீட்டில் 48 பன்னா என்று இருக்கிறது. நம்பலாமா?

டேப்பை வைத்துக் கரைக்கு உள்ளே அளந்து பாருங்கள். அந்த அளவுதான் பன்னா. வீட்டுக்கு வந்ததும் ஒரு ராத்திரி நனைத்துக் காயவைத்து, பிறகு தைக்கக் கொடுங்கள். தைத்த பிறகு சட்டை குட்டையானது என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள்.