மே மாத விடுமுறைக்கும் டே கேருக்கு முழுக் கட்டணமா?

கேள்வி: கோவையில் என் 2 வயது மகளை வீட்டோடு நடத்தும் ஒரு டே கேரில் விடுகிறோம். 12 குழந்தைகள். நடத்தும் அம்மாவும் ஓர் ஆயாவும் பார்த்துக்கொள்கிறார்கள், சமையலுக்குத் தனி ஆள். சாப்பாட்டோடு மாதம் 8,000 ரூபாய். மே மாதம் பாதி நாள் மூடுகிறார்கள், ஆனாலும் முழுத் தொகை கேட்கிறார்கள். அடுத்த தெருவில் 6,500தான். இது நியாயமா?

பதில்: 8,000 அதிகமில்லை. மே மாதத்துக்கு மட்டும் கொஞ்சம் குறையத்தான் வேண்டும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நடத்துபவர் தன் உழைப்புக்கு 15,000, ஆயாவுக்கு 13,000, சமையலுக்கு 9,000 என்று வைப்போம். வாடகை 18,000, மின்சாரம், தண்ணீர், சோப்பு வகையறா 5,000. மொத்தம் 60,000. இதை 12 ஆல் வகுக்கக் கூடாது. ஜூனில் சிலர் எல்.கே.ஜி.க்குப் போய்விடுவார்கள், அந்த இடங்கள் உடனே நிரம்பாது. அதனால் சராசரியாக 10 குழந்தைகள் என்று கொண்டால் தலைக்கு 6,000. மதியச் சாப்பாடு, பால், சுண்டல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 60 ரூபாய் என்றால் 24 நாளுக்கு 1,440. ஆக 7,440. மீதி 560தான் பொம்மைக்கும் பழுதுக்கும் லாபத்துக்கும்.

ஆயா இல்லாவிட்டால் தலைக்கு 1,300 குறையும். 6,500 கேட்கும் இடத்தில் சாப்பாடும் உண்டென்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காலை 11 மணிக்குச் சொல்லாமல் போய், சமையல்காரரை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். அலுவலகக் குழந்தைகள் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018இல் தந்த வழிகாட்டுதல், 3 வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது. அதுவே குறைந்தபட்சம்தான். ஒருவர் டயப்பர் மாற்றப் போனால் மற்ற குழந்தைகளை யார் பார்ப்பது? உங்கள் இடத்தில் 6 பேருக்கு ஒருவர் இருக்கிறார். அதற்காகவே கூடுதலாகக் கொடுக்கலாம். இடமும் அப்படித்தான். அதே கூடத்தில் 20 குழந்தைகளைச் சேர்த்தால் வாடகைப் பங்கு பாதியாகும், ஆனால் மதியம் பாய் விரிக்க இடம் இருக்காது.

சரி, மே மாதத்துக்கு வருவோம். மூடியிருந்தாலும் வாடகை ஓடும். சாப்பாட்டுச் செலவு ஓடாது. 12 நாளுக்கு 720 ரூபாயைத் தயங்காமல் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம், விடுமுறைக்கு ஆயாவுக்கும் சமையல்காரருக்கும் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் 7,280 கொடுப்பது நியாயம். அவர்கள் ஜூனிலும் அங்கேயே இருப்பதற்கான விலை அது. அடிக்கடி ஆயா மாறினால் முதலில் அழுவது குழந்தைதான். சம்பளத்தைப் பிடித்தம் செய்கிறார்கள் என்றால், பாதி மாதச் சம்பளமான 11,000 நடத்துபவரிடமே தங்குகிறது. அதில் உங்கள் பங்கு 1,100. அப்போது 6,180க்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

மகள் காய்ச்சலில் வராத நாட்களுக்கும் இதே கணக்குதான். முதல் நாளே சொல்லிவிட்டால் சாப்பாட்டுக் காசு மட்டும் கழியும். இந்த இரண்டையும் கட்டண ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.