புசல், மூட்டை, மரைக்கால், கொத்து: எதை எப்படிக் கிலோவாக்குவது?

கேள்வி: பெரும்போக நெல்லை விற்க மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 66 கிலோ மூட்டைக்கு 6,600 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 6,800 தருகிறாராம், ஆனால் மூட்டை 70 கிலோ வேணுமாம். மூன்றாமவர் புசலுக்கு 2,050 சொல்கிறார். யாருக்குக் கொடுப்பது? (சம்மாந்துறை வாசகர்)

பதில்: மூன்றையும் ஒரு கிலோ விலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். முதலாமவர் கிலோவுக்கு 100 ரூபாய் தருகிறார். இரண்டாமவர் மூட்டைக்கு 200 ரூபாய் கூட்டித் தருவதுபோல் தெரிந்தாலும், 6,800ஐ 70ஆல் பிரித்தால் 97 ரூபாய் 14 சதம்தான். புசல் என்பது நெல்லுக்கு 46 றாத்தல், அதாவது 20.87 கிலோ. 2,050ஐ அதனால் பிரித்தால் 98 ரூபாய் 23 சதம் வரும். ஆகவே காய்ந்த நெல்லென்றால் முதலாமவர்தான்.

புசல் ஆதியில் எடையல்ல, கொள்ளளவு. 32 கொத்துக் கொண்ட ஒரு புசல் பெட்டி சுமார் 36.4 லீற்றர் பிடிக்கும். அதற்குள் நல்ல நெல்லைக் கொட்டினால் ஏறக்குறைய 21 கிலோ நிற்கும் என்பதால் 46 றாத்தல் வழக்காகிவிட்டது. பதர் கூடினால் அதே பெட்டி எடை குறையும். குறுமணிச் சம்பா நெருங்கி உட்கார்ந்து கொஞ்சம் கூட நிறுக்கும். இன்று தராசில் 20.87 என்று வைத்துக் கணக்குப் பார்ப்பதால் அந்த வேறுபாடு போய்விட்டது. மூட்டைக்கோ இப்படி ஒரு நிலையான அளவே கிடையாது. மூன்று புசல் மூட்டை என்றால் 62.6 கிலோ; அதற்கு மேலே கேட்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் வாங்குபவர் காரணம் சொல்ல வேண்டும்.

அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஈரம். அது நியாயமானதாகவும் இருக்கலாம், ஆனால் அளந்து பார்க்கக்கூடியது. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும்போது ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது நிபந்தனை. வெட்டும் இயந்திரத்தில் இருந்து நேரே களத்துக்கு வரும் நெல்லில் ஈரம் இதைவிட நிச்சயம் கூட இருக்கும். காய்ந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க, ஈர எடையை 100இல் இருந்து ஈரவீதத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86ஆல் பிரியுங்கள். 20 சதவீத ஈரத்தில் 66 கிலோ நிறுத்தால், 66 × 80 ÷ 86, காய்ந்தபின் 61.4 கிலோதான் இருக்கும். 4.6 கிலோ தண்ணீர்.

இதையே திருப்பிப் போட்டால் இரண்டாமவரின் கணக்கு வெளிச்சமாகும். 66 கிலோ காய்ந்த நெல் வேண்டுமானால் 19 சதவீத ஈரத்தில் 70 கிலோ எடுக்க வேண்டும். உங்கள் நெல் அந்த அளவு ஈரமென்றால் அவர் கூடுதலாகக் கேட்பதில் தப்பில்லை. காய்ந்த நெல்லை 70 என்று நிறுத்துக் கொடுத்தால், 66 கிலோ மூட்டையோடு பார்க்கும்போது ஒவ்வொரு மூட்டையிலும் 4 கிலோ கூடுதலாகப் போகிறது. 50 மூட்டைக்கு 200 கிலோ.

ஆதலால் விலைபேச முன் ஈரமானியில் அளக்கச் சொல்லுங்கள். மூட்டையின் நடுவில் இருந்தும் அடியில் இருந்தும் கைப்பிடி எடுத்து அளக்க வேண்டும். மேலே கிடப்பது வெயிலில் காய்ந்திருக்கும். ஈரமானி இல்லையென்றால் ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். காய்ந்தது சட்டென்று இரண்டாக உடையும், ஈரமானது பல்லில் நசுங்கும். இது விலை தீர்க்கப் போதாது, பொய் பேச்சைப் பிடிக்கப் போதும்.

சாக்கின் எடையையும் விட்டுவிடாதீர்கள். சணல் சாக்கு ஒன்று ஒரு கிலோவை எட்டும், உரப்பை 100 கிராம் அளவுதான். வெறும் சாக்கை முதலில் வைத்து அதன் எடையைக் கழியுங்கள். உரப்பைக்கு ஒரு கிலோ கழிக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். தராசில் சந்தேகம் இருந்தால், பிரிக்காத 50 கிலோ சீமெந்துப் பையை வைத்துப் பார்க்கலாம். வியாபாரத்தில் பாவிக்கும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாத தராசு பற்றி மாவட்டச் செயலகத்தில் உள்ள அவர்களின் பிரிவில் முறையிடலாம்.

கேள்வி: வாப்பா காலத்திலிருந்து வயலை மரைக்கால் கணக்கில் குத்தகைக்குக் கொடுத்து வருகிறோம். இப்போது குத்தகைக்காரர் கிலோவில் தருகிறேன் என்கிறார். ஒரு மரைக்கால் எத்தனை கிலோ? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: புத்தகத்தில் இருக்கும் எண்ணை எடுத்து எழுதாதீர்கள். மரைக்கால் ஊருக்கு ஊர், சில இடங்களில் போடியாருக்குப் போடியார் மாறிய அளவு. உங்கள் குத்தகைக்குப் பெறுமதியானது உங்கள் வீட்டில் இருக்கும் பெட்டி மட்டும்தான்.

இருவரும் இருக்கும்போது அந்தப் பெட்டியில் காய்ந்த, தூற்றிய நெல்லைக் கொட்டி, அமுக்காமல், நேரான கம்பால் தலைவழித்து நிறுங்கள். மூன்று தரம் செய்து சராசரி எடுங்கள். 3 கிலோ 400 கிராம், 3 கிலோ 450, 3 கிலோ 420 என்று வந்தால் 3.42 கிலோ என்று எழுதலாம். இவ்வளவு காலமும் தலைவழித்து அளந்தீர்களா, கூம்பாகக் குவித்து அளந்தீர்களா என்பதை முதலில் பேசித் தீருங்கள். சண்டை வருவது அந்த இடத்தில்தான், ஏனெனில் குவிந்த கூம்பின் எடை சிறியதல்ல. பெட்டி கிடைக்காவிட்டால், கடந்த போகத்தில் கொடுத்த நெல் எத்தனை மூட்டையானது, என்ன எடை என்று பார்த்து, அதை மரைக்கால் எண்ணிக்கையால் பிரியுங்கள். முடிவான எடையையும் ஈரப்பதனையும் கிலோவில், சதவீதத்தில், ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

கேள்வி: கந்தூரிக்குப் பெரியம்மா 25 கொத்து அரிசி என்றார். கடைக்காரர் 25 கிலோ பை ஒன்று போதும் என்கிறார். சரியா? (ஏறாவூர் வாசகர்)

பதில்: போதும், கொஞ்சம் மிஞ்சும். அரிசியில் ஒரு கொத்து 2 றாத்தல், 907 கிராம். 25 கொத்து 22.7 கிலோ. ஒரு கொத்துக்கு நாலு சுண்டு, சுண்டு ஒன்று சுமார் 227 கிராம்.

இதே கணக்கு விலை பேசும்போது எதிராகத் திரும்பும். கொத்து விலையைக் கிலோ விலை என்று எண்ணி வாங்கினால் ஒவ்வொரு கொத்திலும் 93 கிராம் குறைகிறது. வீட்டில் பால்பேணியால் அளப்பவர்கள், அது தலைவழித்து எத்தனை கிராம் என்று ஒருமுறை நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேணியின் உயரம் மாறினால் எடையும் மாறும்.

கேள்வி: பூ வாங்கும்போது முழம் ஒவ்வொருவரிடமும் வேறாக இருக்கிறதே? (களுவாஞ்சிக்குடி வாசகி)

பதில்: முழம் என்பது முழங்கை மடிப்பில் இருந்து நடுவிரல் நுனி வரை, இரண்டு சாண். கணக்குக்கு 18 அங்குலம், சுமார் 46 சென்ரிமீற்றர். இரண்டு முழம் ஒரு யார். கை 16 அங்குலமே உள்ளவரிடம் 10 முழம் வாங்கினால் 20 அங்குலம் குறையும். கோவில் மாலைக்கு அளவு முக்கியமென்றால் உங்கள் நூலைக் கொண்டுபோய், அந்த நீளத்துக்கு விலை கேளுங்கள்.