புதுக் கல்சட்டியை அடுப்பில் ஏற்றும் முன்

கேள்வி: சேலத்திலிருந்து அத்தை ஒரு கல்சட்டி கொண்டுவந்து கொடுத்தார், இரண்டு லிட்டர் பிடிக்கும். கழுவக் கழுவ சாம்பல் நிறத்தில் தண்ணீர் வருகிறது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்கிறார் தோழி, ஒரு வாரம் கஞ்சி ஊற்று என்கிறார் அத்தை. வீவக வீட்டில் வெயிலில் காயவைக்க இடமும் இல்லை, அடுப்பும் இண்டக்‌ஷன். வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது? (உட்லண்ட்ஸ் வாசகி)

அத்தை சொல்கிற கஞ்சி வழிதான் சரி. ஆனால் கஞ்சி ஊற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். புதுச் சட்டி விரிசல் விடுவது பெரும்பாலும் கஞ்சி குறைந்ததால் அல்ல, கல்லுக்குள் ஈரம் இருக்கும்போதே அதைத் தீயில் ஏற்றுவதால். கல்சட்டி செய்யும் மாக்கல், நகத்தால் கீறினாலே தடம் விழுகிற அளவுக்கு மென்மையானது. அதைக் கடைந்து குடையும்போது உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களும் இழை போன்ற பிளவுகளும் உண்டாகின்றன, கழுவும் தண்ணீர் அவற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சட்டியைத் திடீரென்று பெரிய தீயில் வைத்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி தேடும், அடிப்பாகம் சூடாகி விரியும், விளிம்போ இன்னும் குளிர்ந்தே இருக்கும். இவை எல்லாம் சேர்ந்துதான் கல்லைப் பிளக்கின்றன. ஊரில் மொட்டைமாடி வெயில் இந்த ஈரத்தை யாரும் கேட்காமலே இழுத்துவிடும். சிங்கப்பூர்க் காற்றில் அது நடக்காது, அதனால் இங்கே காயவைப்பதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சாம்பல் தண்ணீர். அது கடைந்த கல்லின் தூள்தான், பயப்பட வேண்டாம். தேங்காய் நாரோ மென்மையான ஸ்பாஞ்சோ எடுத்து, வெறும் தண்ணீரில் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இப்போது வேண்டாம், அதன் வாசனையைப் புதுக் கல் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு குழம்பில்தான் அது தெரியும். கொஞ்சம் கடலை மாவு போட்டுத் தேய்த்தால் தூளும் நன்றாக வந்துவிடும். சொரசொரப்பாக இருக்கிறதே என்று காய்ந்த சட்டியில் மணல்தாள் மட்டும் போடாதீர்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல். எதைத் தேய்ப்பதாக இருந்தாலும் ஈரத்தில் தேய்க்க வேண்டும்.

கழுவிய கையோடு ஒரு சோதனை. சட்டியைக் கவிழ்த்து வைத்து, அது காய்ந்துவரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கல் முழுவதும் கருமை மாறி வெளிர்ச் சாம்பலாகிவிடும், ஆனால் எங்காவது விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஈரம் தங்கி, பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கருங்கோடு கடைசிவரை நிற்கும். கல்லின் இயற்கையான நரம்புக்கோடு அப்படியில்லை, அது ஈரத்திலும் காய்ந்த பிறகும் ஒரே மாதிரி தெரியும். சந்தேகம் தீரவில்லையா, சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்கச் செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டாம், ஊறுகாய் போட்டு வைக்கவும் உதவாது, உலர்ந்த பொருள் வைத்துக்கொள்ளலாம்.

சரி, கஞ்சிக்கு வருவோம். இங்கே பெரும்பாலான வீடுகளில் ரைஸ் குக்கர்தான், வடிகஞ்சி கிடைக்காது. இரண்டு கைப்பிடி அரிசியை இரண்டரை லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டால் அதே வேலையைச் செய்யும். மாவுச்சத்து சூட்டில் குழைந்தால்தான் அந்த நுண்ணிய பள்ளங்களில் இறங்கி ஒட்டும், ஆகவே அரிசி கழுவிய பச்சைத் தண்ணீர் மட்டும் போதாது. அது முதல் நாள் ஊறவைக்க நல்லது, அவ்வளவுதான்.

உங்கள் இரண்டு லிட்டர் சட்டியை நான் இப்படித்தான் பழக்குவேன். முதல் நாள் அரிசி கழுவிய தண்ணீரை நிரப்பி இரவு முழுக்க வைப்பேன். இரண்டாம் நாள் அதைக் கொட்டிக் கழுவிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் கஞ்சியை விளிம்புவரை ஊற்றுவேன், குளிர்ந்த கல்லில் கொதிக்கக் கொதிக்க ஊற்ற மாட்டேன். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அதேதான், ஒவ்வொரு நாளும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில். ஒரே கஞ்சியை இரண்டு மூன்று நாள் அப்படியே விடச் சொல்வார்கள், நம் ஊர்ச் சூட்டுக்கு அது ஒத்துவராது, இங்கே பாதி நாளிலேயே கஞ்சி புளிக்கத் தொடங்கிவிடும். புளித்த வாடை கல்லில் ஏறினால் போக்குவது சிரமம். மாலையில் ஊற்றி காலையில் கொட்டுங்கள், சட்டி பகல் முழுக்கக் காலியாக ஆறட்டும்.

ஐந்தாம் நாள் காயவைப்பது, அதன் பிறகு எண்ணெய். சட்டியைக் கழுவி, துடைத்து, மின்விசிறிக்கு எதிரே கம்பி ஸ்டாண்டில் சாய்த்துக் கவிழ்த்து ஒரு முழு நாள் விட்ட பிறகுதான் எண்ணெய் தடவ வேண்டும். ஈரத்தின் மேல் எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும், பிறகு தீ வைக்கும்போது அது தன் வேலையைக் காட்டும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் குழைத்து, விரலால் உள்ளும் புறமும் அடியிலும் தேயுங்கள். கல் பளபளக்கிற அளவு போதும், வழிகிற எண்ணெயை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது பிசுபிசுப்பாகிச் சிக்கு வாடை அடிக்கும். விளக்கெண்ணெயும் பழைய வழக்கம்தான், தடவலாம், ஆனால் சமையலுக்கு உகந்தது என்று புட்டியில் போட்டிருக்க வேண்டும். தேக்காவில் பூசைப் பொருள் கடைகளில் கிடைக்கும் தீப எண்ணெய் கலவைகளை எடுத்துவிடாதீர்கள், அவை விளக்கு ஏற்றுவதற்கு மட்டுமே, வாசனையும் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் பட்டதும் சாம்பல் நிறச் சட்டி ஒரேயடியாகக் கருத்துப்போகும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, அப்படித்தான் ஆக வேண்டும். மஞ்சள் கறை உங்கள் சமையல் மேடையில் படியும், கீழே பழைய தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தடவிய சட்டியும் இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் இருக்கட்டும். வெயில் வேண்டுமே என்று சன்னல் விளிம்பிலோ தாழ்வாரக் கைப்பிடிச் சுவரிலோ வைத்துவிடாதீர்கள். கல்சட்டியின் கனம் தெரியும்தானே, மாடியிலிருந்து விழுந்தால் ஓர் உயிர் போய்விடும், அப்படி ஆபத்தாக வைப்பது சட்டப்படியும் குற்றம். வீட்டில் கேக் சுடும் அவன் அடுப்பு இருந்தால் எனக்கு அதுதான் பிடித்த வழி: எண்ணெய் தடவுவதற்கு முன், காய்ந்த சட்டியைக் குளிர்ந்த அவன் அடுப்புக்குள் வைத்து, பிறகு 100 டிகிரிக்குச் சூடேற்றி, ஒரு மணி நேரம் கழித்து அணைத்து, கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிடுங்கள். மிச்ச ஈரம் போய்விடும்.

இப்போது முதல் தீ. எல்லாவற்றையும்விட இங்கேதான் பொறுமை வேண்டும். இண்டக்‌ஷனில் கல்சட்டி சூடாகாது, அது காந்தம் ஒட்டும் உலோகம் அல்ல. நடுவில் இரும்புத் தட்டு வைத்துச் சூடேற்றுவதும் வேண்டாம், தட்டு சட்டியின் நடுப்பகுதியை மட்டும் காய்ச்சும். உங்களுக்கு ஏற்றது ஸ்டீம்போட் வைக்கும் கையடக்க கேஸ் அடுப்புதான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சட்டியின் அகலம் கேஸ் குப்பி இருக்கும் பக்கத்தின் மேல் நீண்டுபோகக் கூடாது. கல் நெடுநேரம் சூட்டை வைத்துக்கொண்டு கீழே திருப்பி அனுப்பும், குப்பி சூடானால் ஆபத்து. உங்கள் இரண்டு லிட்டர் சட்டி அளவுக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும், இருந்தாலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.

முக்கால் சட்டி தண்ணீர் ஊற்றி, ஆகக் குறைந்த தீயில் வையுங்கள். அரை மணி நேரத்துக்கும் மேலாகும், ஆகட்டும். விளிம்பில் சிறு குமிழிகள் வந்ததும் அணைத்துவிட்டு, அடுப்பிலேயே கை வைக்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். தளபுளவென்று கொதிக்க வைக்கத் தேவையில்லை. சூடான சட்டியை ஈரமான ஸ்டீல் சிங்க்கிலோ கிரானைட்டிலோ வைப்பதும், குழாயடியில் பிடிப்பதும் ஒரே தவறுதான். மரப்பலகையோ மடித்த துணியோ கீழே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் வாரம் முழுக்க ஒழுங்காகக் கஞ்சி ஊற்றியவர், கடைசி நாளில் கழுவிய சட்டியை அப்படியே பெரிய பர்னரில் ஏற்றி வற்றல் வதக்க எண்ணெய் காய்ச்சினார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம், அடியிலிருந்து விளிம்புவரை ஒரே கோடு.

மறுநாள் அதையே கஞ்சியோடு ஒருமுறை செய்யுங்கள், அப்புறம் சட்டி தயாரா என்று பார்க்கலாம். ஆறிக் காய்ந்த உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே கருத்துப் பரவி உள்ளே போனால் இன்னும் இரண்டு நாள் கஞ்சியும் ஒருமுறை எண்ணெயும் தேவை. சொட்டு உருண்டு நின்று, துடைத்ததும் தடமில்லாமல் போனால் சரி. வெள்ளை டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தாலும் சாம்பல் ஒட்டக் கூடாது, மஞ்சள் கொஞ்சம் ஒட்டினால் பரவாயில்லை.

முதல் சமையலாகப் புளிக்குழம்பு வைக்க ஆசையாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். மாக்கல்லில் புளிப்புக்கு வினைபுரியும் கார்பனேட் தாதுக்கள் கலந்திருப்பதுண்டு, புதுப் பரப்பில் புளி ஊற்றினால் குழம்பில் மண் வாடை வரலாம். முதல் சில முறை கஞ்சி, பருப்பு, கீரைக் கடைசல் என்று போகட்டும், பிறகு வற்றல் குழம்பு வைத்துப் பாருங்கள். அடுப்பை வழக்கத்தைவிட முன்னதாகவே அணைத்துவிடுங்கள், அணைத்த பிறகும் குழம்பு சட்டிக்குள் சில நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும், தாமதித்தால் அடி சுண்டிவிடும்.

சமைத்த சட்டியைச் சிங்க்கில் தண்ணீரோடு ஊறப் போட வேண்டாம். ஆறியதும் கழுவித் துடைத்து, மூடி போடாமல் அலமாரிக்கு வெளியே ஒரு இரவு விடுங்கள். நெடுநாள் எடுக்காமல் வைத்திருந்து பூசண வாடை வந்தால், கஞ்சியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை, கடலை மாவால் கழுவி, நன்றாகக் காயவைத்து, தண்ணீர் ஊற்றி அதே சிறு தீயில் ஒருமுறை சூடேற்றினால் போதும்.