ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம்? லூசின் பவுடர் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 52, எடை 64 கிலோ. நாலு மாதமாக சாயங்காலம் ஜிம்மில் வெயிட் தூக்குகிறேன். முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. காலையில் நாலு இட்லி, சாம்பார். மதியம் சாதம், குழம்பு, பொரியல், மோர். ராத்திரி மூணு தோசை, படுக்கும் முன் ரெண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும். உடற்பயிற்சி செய்த தசை சீராக ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்? 30 கிராமுக்கு மேல் உடம்பில் ஒட்டாது என்று கோச் சொல்கிறார், லூசின் பவுடரும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் எடைக்கும் வயதுக்கும் ஒரு வேளைக்கு 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். அதில் லூசின் இரண்டரை கிராம் அளவில் இருந்தால் நல்லது. லூசின் என்பது அமினோ அமிலங்களில் ஒன்று, புரதம் செரிக்கும்போது பிரியும் சிறு துண்டுகள்தான் அமினோ அமிலங்கள். பவுடர் இப்போதைக்கு வேண்டாம். 30 கிராமைத் தாண்டிவிடுவோமோ என்ற கவலையும் உங்களுக்குத் தேவையில்லை, ஏனென்றால் உங்கள் சாப்பாட்டில் எந்த வேளையும் 20 கிராமையே தொடவில்லை.

முதலில் அந்த 30 கிராம் கதை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், காலுக்கு வெயிட் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு முட்டைப் புரதத்தை 0, 5, 10, 20, 40 கிராம் என்று வெவ்வேறு அளவில் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 20 கிராம் வரை தசையில் புதுப் புரதம் சேரும் வேகம் ஏறிக்கொண்டே போனது. 40 கிராம் கொடுத்தபோது அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. மிஞ்சிய அமினோ அமிலம் எரிபொருளாகச் செலவானது. இதுதான் ஜிம்முக்கு ஜிம் கைமாறி, "20, 30 கிராமுக்கு மேல் ஒட்டாது" என்று ஆகிவிட்டது. குடல் புரதத்தை உறிஞ்சுவதற்கு அப்படியொரு வரம்பு கிடையாது. ஆய்வு சொன்னது, சீக்கிரம் செரிக்கும் ஒரு பானத்தைக் குடித்த சில மணி நேரத்தில் தசை என்ன செய்தது என்பதை மட்டும்தான்.

2023-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு 25 கிராம் பால் புரதத்தையும் 100 கிராமையும் ஒப்பிட்டது. 100 கிராம் குடித்தவர்களின் தசையில் புரதம் சேர்வது அதிகமாகவும், 12 மணி நேரம் கழித்தும் தொடர்ந்தும் இருந்தது. அதற்காக ஒரே வேளையில் 100 கிராம் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி பன்னீர் கொஞ்சம் கூடிப் போனால் அது வீண் இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு உண்மையில் முக்கியமானது கீழ்வரம்பு. அங்கேதான் லூசின் வருகிறது. நாம் சாப்பிடும் புரதம் இருபது வகை அமினோ அமிலங்களாகப் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. அவற்றில் லூசினுக்கு இரட்டை வேலை. தசைப் புரதத்தைக் கட்ட அதுவும் ஒரு பொருள். அத்தோடு, கட்டும் வேலையை ஆரம்பி என்று செல்லுக்குச் சொல்வதும் அதுதான். தசைச் செல்லுக்குள் லூசின் அளவு ஏறும்போது செஸ்ட்ரின்-2 என்ற புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அதுவரை அழுத்தி வைக்கப்பட்டிருந்த எம்டார் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் விடுபட்டு, புரதம் தயாரிக்கும் பணியை முடுக்கிவிடுகிறது. ரத்தத்தில் லூசின் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மெதுவாகச் சொட்டினால் இந்த முடுக்கம் பலவீனமாகவே இருக்கும். ஒரு வேளையில் நன்றாக ஏற வேண்டும்.

வயது கூடக்கூட தசை இந்த அழைப்புக்கு மந்தமாகத்தான் எழுந்திருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் போட்ட கணக்குப்படி, இளைஞர்களுக்கு ஒரு வேளைக்கு கிலோ எடைக்கு சுமார் 0.24 கிராம் புரதம் போதுமானதாக இருந்தது. எழுபதை ஒட்டியவர்களுக்கு 0.40 கிராம் தேவைப்பட்டது. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். உங்கள் புரதத்தில் பெரும்பகுதி அரிசி, பருப்பிலிருந்து வருவதால் நான் மேல் எண்ணையே எடுத்துக்கொள்வேன். 64-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 25.6. மேலே சொன்ன 25 கிராம் இப்படித்தான் வந்தது.

இனி உங்கள் தட்டைப் பார்ப்போம். நாலு இட்லியில் சுமார் 8 கிராம், ஒரு கிண்ணம் சாம்பாரில் 4 கிராம், சட்னியில் ஏதோ கொஞ்சம். காலையில் மொத்தம் 13 கிராம். மதியம் 300 கிராம் சாதத்தில் ஏழரை, குழம்பு பொரியல் மோர் எல்லாம் சேர்த்து இன்னொரு ஏழரை, ஆக 15. ராத்திரி தோசையில் 10. படுக்கும் முன் முட்டையும் பாலும் 18. நாள் முழுக்கக் கூட்டினால் 56 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது உங்களுக்கு 53 கிராம். அந்தக் கணக்குப்படி நீங்கள் பாஸ்தான். ஆனால் அந்த அளவு சாதாரணமாக வாழும் ஒருவருக்குக் குறைபாடு வராமல் இருப்பதற்கானது. வெயிட் தூக்கித் தசையைச் சேர்க்க நினைப்பவருக்காகப் போட்டது அல்ல. அவர்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை கூட்டும்போது பலன் கிடைப்பதாக 2018-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது.

லூசினையும் பாருங்கள். அரிசி, பருப்புப் புரதத்தில் லூசின் ஏழெட்டு சதவீதம். அப்படியென்றால் உங்கள் காலை உணவில் ஒரு கிராம் லூசின் இருந்தாலே பெரிது. மதியமும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஓரளவுக்கு அருகில் வருவது படுக்கும் முன் சாப்பிடும் முட்டையும் பாலும் மட்டும்தான், அதுவும் 1.7 கிராம். மூன்று வேளை சாப்பிட்டும் தசைக்குச் சரியான அழைப்பு ஒரு தடவைகூடப் போகவில்லை. இருப்பதை இடம் மாற்றி, கொஞ்சம் சேர்த்தாலே போதும்.

காலையில் ஒரு இட்லியைக் குறைத்து மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முட்டையைக் காலைக்கு மாற்றி, கூடவே ரெண்டு வெள்ளைக்கரு சேருங்கள். இட்லி 6, சாம்பார் 4, முட்டை 12, வெள்ளைக்கரு 7. ஆக 29 கிராம் புரதம், சுமார் 2.4 கிராம் லூசின். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலும் நான் திருப்திப்படுவேன், ஏனென்றால் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து, தசைப் புரதம் கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வரும் முதல் உணவு இது.

மதியம் சாதத்தை 200 கிராமாகக் குறைத்து, மோருக்குப் பதில் 100 கிராம் தயிர் வையுங்கள். பொரியலுக்கோ குருமாவுக்கோ 40 கிராம் சோயா உருண்டை போடுங்கள். இந்த 40 கிராம் ஊற வைப்பதற்கு முன் நிறுத்த எடை. அதிலேயே 20 கிராம் புரதம் வந்துவிடும். தட்டு மொத்தத்தில் சுமார் 32 கிராம், லூசின் இரண்டரை. சோயா பிடிக்காவிட்டால் அந்த இடத்தில் சுண்டல் வைக்கலாமே என்று கேட்பீர்கள். 20 கிராம் புரதத்துக்கு காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராம் வேண்டும். அதை வேக வைத்தால் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வரும். தினமும் மதியம் சாதத்தோடு அதைச் சாப்பிட யாராலும் முடியாது. வேர்க்கடலையிலும் இதே சிக்கல் வேறு விதமாக வரும், 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு, ஆனால் கொழுப்பு அதைப்போல் இரு மடங்கு.

ராத்திரி, பயிற்சி முடிந்து வந்ததும், ரெண்டு தோசையோடு 100 கிராம் பன்னீரைப் பொடிமாஸ் மாதிரி செய்து சாப்பிடுங்கள். பாலையும் அதே வேளையில் குடித்துவிடுங்கள். இது சுமார் 30 கிராம், லூசின் 2.8. நாள் கணக்கு இப்போது 91 கிராம், கிலோவுக்கு 1.4. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஓட வேண்டாம். வெயிட் தூக்கிய தசை குறைந்தது ஒரு நாளைக்காவது புரதத்துக்கு நன்றாக எழும், அதனால் மறுநாள் காலை முட்டையும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

இனி பவுடர் விஷயம். லூசின் மேஸ்திரி மாதிரி. வந்து வேலையை ஆரம்பித்துவைப்பார். ஆனால் செங்கலும் சிமெண்டும் இறங்காவிட்டால் சுவர் எழும்பாது. உடம்பு தானே தயாரிக்க முடியாத மற்ற எட்டு அமினோ அமிலங்களும் அதே நேரத்தில் வேண்டும். லூசினையும் அதன் கூட்டாளிகளான ஐசோலூசின், வேலின் இரண்டையும் மட்டும் சேர்த்து 5.6 கிராம் கொடுத்து 2017-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். தசைப் புரதம் சேர்வது 22 சதவீதம் கூடியது, ஆனால் அதே அளவு லூசின் உள்ள முழு வே புரதம், அதாவது பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம், தருவதில் இது ஏறத்தாழ பாதிதான் என்று அந்தக் குழுவே எழுதியது. லூசினைத் தனியாகச் சேர்ப்பது கொஞ்சம் அர்த்தப்படுவது, ஒரு வேளையில் புரதம் குறைவாக இருந்து அதைக் கூட்ட வழியே இல்லாதபோதுதான். பசி குறைந்துபோன எண்பது வயதுப் பாட்டிக்கு அப்படி யோசிக்கலாம். உங்களுக்கு அந்த நிலை இல்லை.

எப்போதாவது டப்பாப் புரதம் வாங்கினால் வே வாங்குங்கள். லேபிளில் அமினோ அமிலப் பட்டியலைத் தேடுங்கள். வே புரதத்தில் லூசின் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், அதாவது 25 கிராம் புரதத்துக்கு இரண்டரை கிராம். அதைவிட நன்றாகக் குறைந்து, கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருந்தால், மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து புரதக் கணக்கை ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, மறுநாள் கை கால் வலியை அளவுகோலாக வைக்காதீர்கள். புரதம் கூட்டுவதால் அந்த வலி பெரிதாகக் குறைவதில்லை. பழகாத அசைவு, வெயிட்டைக் கீழே இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்கும் பாரம், இவைதான் அதற்குப் பெரும் காரணம். ஒரு நோட்டில் ஒவ்வொரு பயிற்சியிலும் தூக்கிய கிலோவையும் எத்தனை தடவை என்பதையும் எழுதி வாருங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் அந்த எண்கள் நகர வேண்டும். நகரவில்லை என்றால் புரதத்தை மேலும் கூட்டுவதற்கு முன், தூக்கும் எடையைப் படிப்படியாகக் கூட்டுகிறீர்களா, ராத்திரி சரியாகத் தூங்குகிறீர்களா என்று பாருங்கள்.

இந்த மாற்றத்தைத் தொடங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 52 வயது என்பதால், குறிப்பாக சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு 91 கிராம் சிக்கலான அளவு இல்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். அப்படி ஏதாவது தெரிந்தால் மேலே நான் எழுதிய கணக்கை விட்டுவிட்டு, உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள்.